14,295 ரூபாய் எப்படி 13,449 ஆனது: காரைக்குடியிலிருந்து ஒரு பயணச் செலவுக் கணக்கு

காரைக்குடி செக்காலை ரோட்டில் எங்கள் அலுவலகம். ஆத்தங்குடி டைல்ஸ் வாங்கி, வெளியூர்க் கட்டடங்களில் பதித்துக் கொடுக்கிற தொழில். பதிக்கிற இடத்தை மேற்பார்க்கும் தம்பி ஒருவர் பெங்களூரு போய் வந்து பயணச் செலவுக் கணக்கு கொடுத்தார். முதல் தடவை திருப்பி அனுப்பினோம், இரண்டாம் தடவை ஒரே பார்வையில் பணம் கொடுத்தோம். போன ஊரும் பில்களும் ஒன்றேதான். இடையில் மாறியது என்ன என்பதை, கணக்குப் பிரிவில் இருந்து அந்தத் தாள்களைச் சரிபார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கீழே வரும் விதி எண்களும் வரம்புகளும் எங்கள் நிறுவனத்தின் பயண விதிகளில் உள்ளவை. உங்கள் அலுவலகத்தில் வேறாக இருக்கும்.

பயணம் இதுதான். ஞாயிறு இரவு காரைக்குடியில் ஏசி ஸ்லீப்பர் ஆம்னி பஸ். திங்கள் காலை மடிவாளாவில் இறங்கி, எச்எஸ்ஆர் லேஅவுட்டில் ஒரு ஹோட்டலில் அறை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் சர்ஜாபூர் சாலையில் ஒரு வீட்டில் வேலை. புதன் இரவு பஸ் ஏறி வியாழன் காலை ஊர் திரும்பினார். கிளம்பும் முன் 8,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். கூடவே ஒரு பெட்டி மாதிரி டைல்ஸ் கொண்டு போனார். வீட்டுக்காரருக்கு நாலைந்து பூ வடிவங்களை நேரில் காட்ட வேண்டியிருந்தது. சிமெண்ட் டைல்ஸ் என்பதால் கனம் அதிகம். பஸ்காரர் அதற்குத் தனியாக 400 ரூபாய் லக்கேஜ் கட்டணம் வாங்கிக்கொண்டு கையெழுத்தில் ஒரு சீட்டு கொடுத்தார்.

முதலில் வந்த கணக்கு ஒரே தாள், ஐந்து வரி:

பஸ் 2,625
ஹோட்டல் 7,686
பேட்டா, 3 நாள், 2,100
ஆட்டோ, டாக்சி 1,484
லக்கேஜ் 400
மொத்தம் 14,295

இதோடு போனிலிருந்து எடுத்த படங்கள் இருபதுக்கு மேல் ஒரே மெயிலில், வரிசை இல்லாமல் வந்தன. எந்தப் படம் எந்த வரிக்கு என்று எங்கும் எழுதவில்லை. கூட்டல் சரியாக இருந்தது. தம்பி சொன்ன செலவு எல்லாம் உண்மையாகவே ஆனவை. ஆனாலும் எங்களால் பணம் கொடுக்க முடியவில்லை, காரணம் ஹோட்டல் வரி.

ஹோட்டலுக்கு ஆதாரமாக இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று, அறை பதிவு செய்த ஆப் கொடுத்த உறுதிச்சீட்டு, அதில் 7,140 ரூபாய். மற்றது யுபிஐ ஸ்கிரீன்ஷாட், அதில் 7,686 ரூபாய். இரண்டுக்கும் இடையில் 546 ரூபாய் நிற்கிறது. அது எதற்கு என்று சொல்லும் தாள் எதுவும் இல்லை. பதிவுச் சீட்டு என்பது இந்த விலைக்கு அறை தருகிறோம் என்று முன்கூட்டிச் சொல்வது மட்டும்தான். யுபிஐ ஸ்கிரீன்ஷாட், ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு இவ்வளவு போனது என்று மட்டும் சொல்லும். அதில் உள்ள 12 இலக்க எண்ணை வைத்து வங்கி அறிக்கையில் தேடிச் சரிபார்க்கலாம், அந்த அளவுக்கு அது பயன்படும். ஆனால் என்ன வாங்கினோம், எத்தனை இரவு, வரி எவ்வளவு என்பதெல்லாம் ஹோட்டல் கொடுக்கும் வரி பில்லில்தான் இருக்கும். அந்த பில்லைத் தம்பி வாங்கவே இல்லை. விடிகாலையில் அறையைக் காலி செய்துவிட்டு நேராக வேலைக்குப் போனவர், கவுண்டரில் காத்திருக்க நேரமில்லாமல் பணத்தை மட்டும் அனுப்பிவிட்டார். வெளியூர்ப் பயணங்களில் இது அடிக்கடி நடக்கும்.

எங்கள் நிதித் தலைமையில் இருக்கும் ஆச்சி தம்பியைக் கூப்பிட்டு, "ஹோட்டலுக்கு ஒரு மெயில் போடுங்க தம்பி, பில் அனுப்புவாங்க. அது வரட்டும், மத்ததை அப்புறம் பார்ப்போம்" என்றார். அறை எண்ணும் தங்கிய தேதியும் எழுதிக் கேட்டதில் மறுநாளே பில் வந்தது. அதைப் பார்த்ததும் 546 ரூபாய் விளங்கிவிட்டது. செவ்வாய் இரவு ஹோட்டல் உணவகத்திலேயே சாப்பிட்டு, அறைக் கணக்கில் எழுதச் சொல்லியிருக்கிறார். சாப்பாடு 520, அதற்கு 5 சதவீதம் வரி 26.

எங்கள் விதி 5.1-ன்படி வெளியூரில் ஒரு நாளுக்கு 700 ரூபாய் பேட்டா. சாப்பாட்டு பில் எதுவும் காட்ட வேண்டாம், அதற்குப் பதிலாகத்தான் பேட்டா. செவ்வாய்க்கிழமைக்கும் பேட்டா கேட்டிருக்கிறார், அன்று இரவுச் சாப்பாடும் ஹோட்டல் என்ற தலைப்புக்குள் புகுந்து வந்திருக்கிறது. ஆக ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு முறை காசு. தம்பி தெரிந்து செய்ததில்லை இது. மொத்தத் தொகையை அப்படியே ஒரு வரியாக எழுதினால் உள்ளே என்ன இருக்கிறது என்பது எழுதுகிறவருக்கே தெரியாமல் போகிறது. ஹோட்டல் பில்லை எப்போதும் உடைத்துத்தான் எழுத வேண்டும்: அறை வாடகை தனி, அதன் வரி தனி, சாப்பாடு தனி, துணி வெளுத்தது போன்றவை தனி. அப்படி உடைத்ததும் எது எந்த விதிக்குள் வருகிறது, எது வரவில்லை என்பது தானாகத் தெரியும்.

பதிவுச் சீட்டு இன்னொரு விஷயத்தையும் காட்டிக் கொடுத்தது. அறை வாடகை காலை உணவுடன் சேர்ந்தது என்று அதில் இருந்தது. விதி 5.2 சொல்கிறது: வாடகையிலேயே காலை உணவு சேர்ந்திருந்தால் அந்த நாளின் பேட்டாவில் 150 ரூபாய் கழிக்க வேண்டும். செவ்வாய், புதன் இரண்டு காலைக்கும் சேர்த்து 300. திங்கள் காலை அவர் பஸ்ஸில் வந்து இறங்கியவர், அன்று ஹோட்டல் காலை உணவு கிடையாது, அதனால் கழிவும் கிடையாது. பேட்டா 2,100-லிருந்து 1,800 ஆனது.

அடுத்தது அறை வாடகை. இரவுக்கு 3,400, இரண்டு இரவுக்கு 6,800, வரி 5 சதவீதம் 340, மொத்தம் 7,140. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு வரி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, அதனால்தான் இந்த 5. எங்கள் விதி 4.1 பெங்களூருக்கு இரவுக்கு 3,000 வரை அனுமதிக்கிறது, வரி நீங்கலாக. வரி நீங்கலாக என்ற சொல் விதியில் இருப்பதால்தான் பில்லிலும் வரியைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வரியோடு சேர்த்து 3,570 என்று எழுதிவிட்டால் வரம்பை 570 தாண்டியதுபோலத் தோன்றும். உண்மையில் தாண்டியது 400. இரண்டு இரவுக்கு 800, அதன் வரி 40, ஆக 840.

வரம்பைத் தாண்டியதற்குக் காரணம் இருந்தது. வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அந்த வாரம் அறைகள் விலை ஏறியிருந்தன. அதே நாளில் அதே பகுதியில் இன்னும் மூன்று ஹோட்டல்களின் விலையைத் தம்பி அப்போதே படம் எடுத்து வைத்திருந்தார், எல்லாமே 3,400-க்கு மேல். இது நல்ல பழக்கம். ஊர் திரும்பிய பிறகு தேடினால் அன்றைய விலை கிடைக்காது. ஆனால் விதி 4.3 காரணத்தோடு முன் அனுமதியும் கேட்கிறது. தன் மேலாளரிடம் போனில் கேட்டிருக்கிறார், அவரும் "சரி, போட்டுக்கங்க" என்றிருக்கிறார். எழுத்தில் எதுவும் இல்லை.

இந்த இடத்தில் தம்பி என்னிடம், "அண்ணே, சாரை ஞாயித்துக்கிழமை தேதி போட்டே ஒரு கடிதம் தரச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். ஆச்சி அதைக் கேட்டுவிட்டு உடனே மறுத்தார். "வேணாம் தம்பி. இன்னைக்குத் தேதியிலேயே எழுதச் சொல்லுங்க. போன்ல சொன்னதை இப்ப எழுத்துல கொடுக்கிறேன்னு எழுதட்டும். தாமதமா வந்த ஒப்புதலை நான் ஏத்துக்க முடியும், தேதி மாத்தின காகிதத்தை ஏத்துக்க முடியாது." அவர் சொன்னதில் நடைமுறைக் காரணமும் இருக்கிறது. தணிக்கைக்கு வருகிறவர் பின்னால் வந்த ஒப்புதலைப் பார்த்தால் ஒரு குறிப்பு எழுதிவிட்டுப் போவார். முன்தேதியிட்ட கடிதத்தைக் கண்டுபிடித்தால் அந்த ஆள் கொடுத்த பழைய கணக்குகளையும் எடுத்துப் பார்க்கத் தொடங்குவார். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மூன்று வருஷத் தவணையில் போன ஏஜெண்டுகள் திரும்பி வந்து வரிக்கு வரி கணக்கு ஒப்பித்த ஊர் இது. இங்கே தேதிக்கு எப்போதும் மரியாதை உண்டு.

மேலாளர் அன்றைய தேதியிலேயே மெயில் போட்டார். என்று போனில் பேசினார், எந்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டார், ஏன் என்று மூன்று வரி. போதுமானதாக இருந்தது.

ஹோட்டல் பில்லில் இன்னொரு குறை, அது தம்பியின் பெயரில் இருந்தது. நிறுவனத்தின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. மாற்றிக் கொடுக்கக் கேட்டதற்கு ஹோட்டல் முடியாது என்றது. இதில் நாங்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை, அதற்குக் காரணம் ஊர். ஹோட்டல் அறை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்துக்குத்தான் அதன் வரி போகும். பெங்களூரு ஹோட்டலின் ஜிஎஸ்டி எண் 29 என்று தொடங்கும், அது கர்நாடகம். எங்களுடையது 33, தமிழ்நாடு. கர்நாடகத்தில் எங்களுக்குப் பதிவு இல்லை. ஆகவே அங்கே கட்டிய மத்திய, மாநில வரி இரண்டையும் பில் யார் பெயரில் இருந்தாலும் எங்களால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அந்த 340 ரூபாய் செலவோடு செலவாக ஏறிவிடும். ஆனால் இதே தம்பி மதுரையிலோ சென்னையிலோ தங்கியிருந்தால் பதில் வேறு. அங்கே 33-ல் தொடங்கும் எங்கள் எண் பில்லில் ஏறாவிட்டால் அந்த வரியைப் பற்றி யோசிக்கவே வழியில்லை. அதனால் அறை எடுக்கும்போதே, கவுண்டரில் சாவி வாங்கும் முன், நிறுவனப் பெயரையும் எண்ணையும் கொடுத்துவிடச் சொல்கிறோம். பில் அடித்த பிறகு மாற்றுவது ஹோட்டலுக்கும் தொல்லைதான்.

ஆட்டோ, டாக்சிக் கணக்கு 1,484. இதில் ஐந்து சவாரி ஆப் மூலம் போனவை: 238, 214, 226, 231, 245, கூட்டினால் 1,154. இவற்றுக்கும் தம்பி யுபிஐ படங்களைத்தான் வைத்திருந்தார். சிலவற்றில் ஓட்டுநரின் பெயர் மட்டும், ஒன்றில் வேறு யாரோ பெண்ணின் பெயர். ஓட்டுநர் வீட்டில் உள்ளவர்களின் கணக்காக இருக்கலாம், எங்களுக்குத் தெரிய வழியில்லை. ஆனால் ஒவ்வொரு சவாரிக்கும் ஆப்பின் பயண வரலாற்றில் முறையான பில் இருக்கிறது, ஏறிய இடம், இறங்கிய இடம், நேரம், கட்டணம் எல்லாவற்றோடும். அதை இறக்கி வைத்ததும் சந்தேகமே இல்லை.

மீதி 330 இரண்டு தெரு ஆட்டோக்கள். திங்கள் காலை மடிவாளாவிலிருந்து ஹோட்டலுக்கு 150, புதன் இரவு பஸ் ஏறும் இடத்துக்கு 180. இவற்றுக்கு பில் கிடைக்காது, கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. விதி 6.3, பில் இல்லாத சவாரிக்கு 200 ரூபாய் வரை கையெழுத்திட்ட தன்னறிவிப்பை ஏற்கிறது. முதலில் வந்த தாளில் இந்த 330 பிரிக்கப்படாமல் 1,484-க்குள்ளேயே கிடந்தது. அதை அப்படியே பார்த்தால் 200-ஐத் தாண்டுகிறது, மறுக்க வேண்டியதுதான். பிரித்து எழுதியதும் இரண்டும் வரம்புக்குள் வந்துவிட்டன. தன்னறிவிப்பில் நேரமும் எழுதச் சொன்னோம். பஸ் காலை ஆறரைக்கு மடிவாளா வந்தது, ஆட்டோ ஆறே முக்காலுக்கு. பஸ் டிக்கெட்டோடு இது ஒத்துப்போகிறது. பில் இல்லாத செலவை நம்ப வைப்பது இந்த மாதிரிப் பொருத்தம்தான்.

கடைசியாக லக்கேஜ் 400. எங்கள் பயண விதிகளில் இதற்கு இடமே இல்லை. தம்பி முதலில் அதை உள்ளூர்ப் போக்குவரத்து விதி 6.1-க்குள் போட்டுக் கேட்டார். பொருந்தாத விதியை எழுதினால் சரிபார்க்கிறவருக்கு மற்ற வரிகளிலும் சந்தேகம் வரும். "விதி இல்லை, மாதிரி டைல்ஸ் கொண்டுபோன செலவு, விற்பனைப் பிரிவின் கணக்கில் எழுதக் கோருகிறேன்" என்று உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னோம். வீட்டுக்காரர் மாதிரிகளை நேரில் காட்டக் கேட்டு அனுப்பிய மெயிலை இணைத்தார். பஸ்காரரின் சீட்டில் பேனா மை ஏற்கெனவே மங்கத் தொடங்கியிருந்தது, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து மூலச் சீட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டோம்.

இரண்டாவது முறை வந்த சுருக்கம் இப்படி இருந்தது. ர என்பது ரசீது, த என்பது தன்னறிவிப்பு.

| எண் | விவரம் | தொகை | விதி |
|---|---|---|---|
| ர1 | ஞாயிறு பஸ், காரைக்குடி–மடிவாளா (1,200 + வரி 60) | 1,260 | 3.2 |
| ர2 | புதன் பஸ், மடிவாளா–காரைக்குடி (1,300 + வரி 65) | 1,365 | 3.2 |
| ர3 | அறை, 2 இரவு, வரம்புக்குள் (6,000 + வரி 300) | 6,300 | 4.1 |
| ர3 | அதே பில், வரம்புக்கு மேல் (800 + வரி 40), மேலாளர் மெயில் இணைப்பு | 840 | 4.3 |
| ர4–ர8 | ஆப் டாக்சி, 5 சவாரி | 1,154 | 6.1 |
| த1, த2 | ஆட்டோ 150, 180 | 330 | 6.3 |
| – | பேட்டா 3 நாள் 2,100, காலை உணவுக் கழிவு 300 | 1,800 | 5.1, 5.2 |
| ர9 | மாதிரி டைல்ஸ் லக்கேஜ் | 400 | விதி இல்லை |
| | மொத்தம் | 13,449 | |
| | கழிக்க: அட்வான்ஸ் | 8,000 | |
| | வரவேண்டியது | 5,449 | |

ஹோட்டல் பில்லின் மொத்தம் 7,686, கேட்டது 7,140 என்பதால், அட்டவணைக்கு அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: ர3-ல் உள்ள இரவுச் சாப்பாடு 546 பேட்டாவில் அடங்குவதால் கோரவில்லை. இந்த ஒரு வரி எங்களுக்குப் பெரிய உதவி. பில்லில் ஒரு தொகை, கணக்கில் இன்னொரு தொகை என்று பார்த்ததும் எழும் கேள்விக்குப் பதில் அங்கேயே இருந்தது.

கோப்புகளுக்கும் அதே எண்ணில் பெயர் வைத்திருந்தார், `R03_hotel_bill.pdf`, `R04_cab.pdf` என்று வரிசையாக. அட்டவணையில் ர3 என்று படித்ததும் மூன்றாவது கோப்பைத் திறந்தால் போதும். மெயிலும் சுருக்கம்தான்:

"ஆச்சிக்கு வணக்கம். பெங்களூரு சர்ஜாபூர் சாலை வேலைக்குப் போன பயணச் செலவு 13,449 ரூபாய், அட்வான்ஸ் 8,000 போக 5,449 வரவேண்டியுள்ளது. விதி 2.1-ன்படி பெற்ற பயண அனுமதி மெயிலை இணைத்துள்ளேன். இரண்டு விஷயங்களில் தங்கள் முடிவு வேண்டும்: ஒன்று, அறை வாடகை வரம்புக்கு மேல் 840 (விதி 4.3), மேலாளரின் ஒப்புதல் பயணத்துக்குப் பிறகே எழுத்தில் கிடைத்தது. இரண்டு, மாதிரி டைல்ஸ் லக்கேஜ் 400, இதற்கு விதி இல்லை. மற்றவை வரம்புக்குள் உள்ளன."

முடிவு தேவைப்படும் இரண்டையும் மெயிலிலேயே எடுத்துச் சொன்னதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. மறைத்து வைத்தால் நாங்கள் தேடிக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்போம், தம்பி பதில் எழுதுவார், அதற்குள் விதி 8.1 சொல்லும் பத்து வேலை நாள் கெடு நெருங்கிவிடும். இங்கே ஆச்சி இரண்டு வரியைப் படித்தார், இரண்டுக்கும் சம்மதித்தார், மற்ற வரிகளை நான் கோப்புகளோடு ஒப்பிட்டு முடித்தேன். 840-ஐ அவர் மறுத்திருந்தாலும் மற்ற தொகை எதுவும் கலைந்திருக்காது. அந்த ஒரு வரியை அடித்துவிட்டு 4,609 ரூபாய் கொடுத்திருப்போம். வரம்புக்குள் உள்ளதையும் மேல் போனதையும் தனி வரிகளாக எழுதியதன் பயன் இது.

5,449 ரூபாய் அந்த வாரமே தம்பியின் கணக்குக்குப் போனது. லக்கேஜ் 400 விற்பனைப் பிரிவின் மாதிரிச் செலவில் ஏறியது. ஆத்தங்குடியிலிருந்து மாதிரிப் பெட்டியோடு வெளியூர் போகிறவர்கள் எங்களிடம் வேறு சிலரும் இருப்பதால், அதற்கென ஒரு விதியும் வரம்பும் எழுதித் தரும்படி ஆச்சி என்னிடம் சொல்லியிருக்கிறார். பெட்டிக்கு இவ்வளவு என்று வைப்பதா, எடைக்கு இவ்வளவு என்று வைப்பதா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. பஸ்காரர்கள் எடை போட்டுக் கட்டணம் வாங்குவதில்லை என்பதால் பெட்டிக் கணக்கே சரியாக வரும் என்பது என் எண்ணம்.